₹12 கோடியா, ₹17 கோடியா? முதல் டேர்ம் ஷீட்டைப் படிக்கும் முறை

முதல் முறை முதலீடு வாங்கும் நிறுவனர்கள், முதலீட்டாளர் தன் நிபந்தனைகளை எழுதித் தரும் டேர்ம் ஷீட்டைக் கையில் எடுத்ததும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: கம்பெனிக்குப் போடப்படும் மதிப்பான வேல்யூவேஷன். நண்பர்கள் கேட்பதும் அதைத்தான், செய்தியில் வருவதும் அதுதான். ஆனால் கம்பெனி விற்கப்படும் நாளில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதையும், அதுவரை கம்பெனியை நடத்துவது யார் என்பதையும் தீர்மானிப்பவை அதற்குக் கீழே வரும் பத்திகள். அவற்றைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்குக்காக ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கோவையில் இரண்டு நிறுவனர்கள், விவசாய பம்ப் செட்டைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் கருவி செய்கிறார்கள். மொத்தம் 7,00,000 பங்குகள். ஒருவரிடம் 60%, மற்றவரிடம் 40%. இதுவரை வெளிப் பணம் எதுவும் வாங்கவில்லை. இப்போது ₹3 கோடி தேவை. இரண்டு முதலீட்டாளர்கள் ஆளுக்கொரு டேர்ம் ஷீட் கொடுத்திருக்கிறார்கள்.

முதலாவது: ₹12 கோடி பிரீ-மணி. லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங்.

இரண்டாவது: ₹17 கோடி பிரீ-மணி. லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் ஒரு மடங்கு, பார்ட்டிசிபேட்டிங்.

இரண்டிலுமே 10% ஈசாப் பூல், அதாவது ஊழியர்களுக்குப் பின்னால் கொடுப்பதற்கான பங்குகள், ஒதுக்க வேண்டும். இந்தச் சொற்களின் பொருள் ஒவ்வொன்றாகக் கீழே வரும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவதே பிரமாதம். அது எந்த இடம் வரை உண்மை என்று பார்ப்போம்.

வேல்யூவேஷன்: எந்த எண், எத்தனை பங்குக்கு?

பிரீ-மணி என்றால் முதலீட்டாளரின் பணம் உள்ளே வருவதற்கு முன் கம்பெனிக்குப் போடப்படும் மதிப்பு. அதோடு வரும் பணத்தைக் கூட்டினால் போஸ்ட்-மணி. முதலீட்டாளரின் பங்கு விகிதம் எப்போதும் போஸ்ட்-மணியில்தான் கணக்கிடப்படும். முதல் ஆஃபரில் 12 + 3 = ₹15 கோடி போஸ்ட்-மணி; அதில் 3 கோடி என்றால் 20%. இரண்டாவதில் 17 + 3 = ₹20 கோடி; 15%. பேச்சில் யாராவது “வேல்யூவேஷன் 15 கோடி” என்று மட்டும் சொன்னால், பிரீயா போஸ்ட்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ₹15 கோடி பிரீ-மணியாக இருந்தால் நீங்கள் கொடுப்பது 16.67%, போஸ்ட்-மணியாக இருந்தால் 20%.

அடுத்து ஈசாப் பூல். டேர்ம் ஷீட்டில் “ஃபுல்லி டைல்யூட்டட் அடிப்படையில், பூல் உட்பட” என்று ஒரு வரி இருக்கும். பூலுக்கான பங்குகளை முதலீட்டுக்கு முன்பே உருவாக்கிவிட வேண்டும், அதனால் குறையும் பங்கு முழுக்க நிறுவனர்களுடையது என்பதே அந்த வரியின் பொருள். முதல் ஆஃபரில் முதலீட்டாளருக்கு 20%, பூலுக்கு 10% போக நிறுவனர்களுக்கு மிஞ்சுவது 70%. உங்கள் 7,00,000 பங்குகள் 70% என்றால் மொத்தப் பங்குகள் 10,00,000. ஒரு பங்கின் விலை ₹15 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் வரும் ₹150. இப்போது உங்கள் 7,00,000 பங்குகளை ₹150 ஆல் பெருக்குங்கள்: ₹10.5 கோடி. தாளில் ₹12 கோடி என்றிருந்தாலும், நீங்கள் இதுவரை கட்டியதற்கு அவர்கள் போட்ட விலை ₹10.5 கோடிதான். மீதி ₹1.5 கோடி இன்னும் வேலைக்கே வராத ஊழியர்களின் பங்குக்குப் போகிறது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வழக்கமே இதுதான். ஆனால் பூலின் அளவு பேரத்துக்கு உட்பட்டது. அடுத்த 18 மாதங்களில் யார் யாரை எடுக்கப்போகிறீர்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். அது 6 சதவீதத்தில் அடங்கினால், அந்தப் பட்டியலையே காட்டி 6% கேளுங்கள். உங்கள் உண்மையான பிரீ-மணி ₹10.5 கோடியிலிருந்து ₹11.1 கோடியாகிவிடும். வேல்யூவேஷனை நேராக ஏற்றிக் கேட்பதைவிட இது எளிதாக நடக்கும், ஏனென்றால் கையில் பட்டியல் இருக்கிறது. பயன்படாமல் பூலில் கிடக்கும் பங்கு அடுத்த சுற்றில் புது பூலின் தேவையைக் குறைக்கும் என்பார்கள். அது சரிதான், ஆனால் அந்தப் பலன் அப்போது எல்லோருக்கும் பகிரப்படும். இன்றைய செலவு உங்களுடையது மட்டும்.

இதற்கு முன் யாரிடமாவது கன்வெர்டிபிள் நோட்டிலோ ஐசேஃபிலோ பணம் வாங்கியிருந்தால், அதுவும் பங்காக மாறி இதே கணக்குக்குள் வரும். அது பிரீ-மணிக்குள்ளா வெளியிலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டைல்யூஷன்

பங்கு விகிதம் குறைவதே டைல்யூஷன். உங்கள் பங்குகளின் எண்ணிக்கை குறையாது, மொத்தம் பெருகும். அடுத்த சுற்றில் 20% கொடுத்தால் 70% என்பது 56% ஆகும். அதற்கடுத்து 15% கொடுத்தால் 47.6%. ஒவ்வொரு சுற்றிலும் பூலை நிரப்பச் சொன்னால் இன்னும் இறங்கும். இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டியது, விலை இறங்கும் நாளுக்காக எழுதப்பட்டிருக்கும் ஆன்டி-டைல்யூஷன் பத்தி. அடுத்த சுற்று ₹150-க்குப் பதில் பாதி விலையில், ₹75-க்கு நடக்கிறது, அதில் ₹1.5 கோடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் “ஃபுல் ராட்செட்” என்றிருந்தால், பழைய முதலீட்டாளரின் விலையும் ₹75 ஆகிவிடும்; அவருடைய 2,00,000 பங்குகள் 4,00,000 ஆகும். “பிராட்-பேஸ்டு வெயிட்டட் ஆவரேஜ்” என்றிருந்தால், குறைந்த விலையில் எவ்வளவு பணம் வந்தது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். இதே எண்களில் அவர் விலை ₹137.50 ஆகும், பங்குகள் சுமார் 2,18,000 ஆகும். ஒன்றில் 2 லட்சம் பங்குகள் கூடுகின்றன, மற்றதில் 18 ஆயிரம். இரண்டாவதே பரவலாக ஏற்கப்படுவது. முதலாவது இருந்தால் மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள்.

லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்: பணம் பிரியும் இடம்

இந்தியாவில் முதலீட்டாளர்கள் பெரும்பாலும் வாங்குவது சிசிபிஎஸ் என்ற பங்கு. கட்டாயம் ஒருநாள் சாதாரணப் பங்காக மாறியே தீர வேண்டிய முன்னுரிமைப் பங்கு. நிறுவனர்களிடமும் ஊழியர்களிடமும் இருப்பது சாதாரணப் பங்கு. கம்பெனி விற்கப்பட்டால், கடன்காரர்களுக்கு உரியது போன பிறகு, முன்னுரிமைப் பங்குக்காரர் முதலில் எவ்வளவு எடுப்பார் என்று சொல்வதே லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்.

பெயரைப் பார்த்து, கம்பெனி மூடும்போது மட்டும் வரும் விஷயம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். “லிக்விடேஷன் ஈவென்ட்” என்பதற்கான வரையறையைப் படியுங்கள். கம்பெனியை முழுதாக விற்பது, வேறொன்றோடு இணைப்பது, கட்டுப்பாடு கைமாறுவது, சொத்தில் பெரும்பகுதியை விற்பது எல்லாமே அதில் இருக்கும். அதாவது நீங்கள் சந்தோஷமாகக் கொண்டாட நினைக்கும் விற்பனையும் இந்தப் பத்தியின் கீழ்தான் வரும்.

நான்-பார்ட்டிசிபேட்டிங் என்றால், முதலீட்டாளர் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம், அல்லது பங்காக மாற்றிக்கொண்டு தன் சதவீதத்தை எடுக்கலாம். எது அதிகமோ அது ஒன்று மட்டும். பார்ட்டிசிபேட்டிங் என்றால், முதலில் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு, அப்புறம் மீதியிலும் தன் சதவீதத்தை எடுப்பார். பல தாள்களில் இந்தச் சொற்கள் நேராக இருக்காது. அதனால் வாக்கியத்தின் போக்கைப் பாருங்கள். “இவ்விரண்டில் எது அதிகமோ” என்று முடிந்தால் நான்-பார்ட்டிசிபேட்டிங். “அதன் பிறகு மீதமுள்ள தொகையில் மற்றப் பங்குதாரர்களோடு விகிதாசாரப்படி” என்று வாக்கியம் தொடர்ந்தால் பார்ட்டிசிபேட்டிங்.

இப்போது நம் இரண்டு ஆஃபர்களும் விற்பனை நாளில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ஒரு ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்து, `A` நெடுவரிசையில் `A2` முதல் விற்பனை விலைகளைக் கோடியில் எழுதுங்கள். முதல் ஆஃபரில் முதலீட்டாளருக்குப் போவது `B`-யில், இரண்டாவதில் போவது `C`-யில்:

```
B2: =MIN(A2, MAX(3, 0.20*A2))
C2: =MIN(A2,3) + 0.15*(A2-MIN(A2,3))
```

₹6 கோடிக்கு விற்றால், முதல் ஆஃபரில் முதலீட்டாளருக்கு ₹3 கோடி, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ₹3 கோடி. இரண்டாவதில் அவருக்கு ₹3.45 கோடி, மற்றவர்களுக்கு ₹2.55 கோடி.

₹30 கோடிக்கு விற்றால், முதலாவதில் அவர் பங்காக மாற்றிக்கொண்டு 20%, அதாவது ₹6 கோடி எடுப்பார். இரண்டாவதில் முதலில் 3 கோடி, பிறகு மீதி 27 கோடியில் 15%, மொத்தம் ₹7.05 கோடி. உங்கள் பக்கத்துக்கு ₹1.05 கோடி குறைவு. தாளில் 5 கோடி அதிக வேல்யூவேஷன் கொடுத்த ஆஃபர் இது.

இரண்டும் சமமாகும் இடம் ₹51 கோடி. அங்கே இரண்டிலுமே முதலீட்டாளருக்கு ₹10.2 கோடி. அதற்கு மேல் விற்றால்தான் ₹17 கோடி ஆஃபர், நிறுவனர்களும் பூலும் சேர்ந்த உங்கள் பக்கத்துக்கு லாபம். ₹60 கோடியில் வித்தியாசம் ₹45 லட்சம். அதற்குக் கீழே, ₹3 கோடிக்கு மேல் எந்த விலைக்கு விற்றாலும் ₹12 கோடி ஆஃபரே மேல். முதல் சுற்றுக் கம்பெனிகளில் பல, விற்பனை என்று ஒன்று நடந்தால், சிறிய விலைக்கே போகின்றன. அதனால் நான் முதல் ஆஃபரைத்தான் எடுக்கச் சொல்வேன். இன்னும் நல்ல வழி, இரண்டாமவரிடம் போய் “வேல்யூவேஷனில் கொஞ்சம் இறங்குகிறோம், பார்ட்டிசிபேஷனை எடுத்துவிடுங்கள்” என்று கேட்பது. அவர் மறுத்தால், எடுத்த பணம் உட்பட மொத்தம் இரண்டு மடங்கோடு நிற்கும்படி ஒரு உச்சவரம்பாவது கேளுங்கள்.

அதே பத்தியில் இரண்டு எண்களையும் பாருங்கள். ஒன்று, மடங்கு. ஒன்று என்பதே இயல்பு. இரண்டு மடங்கு என்றிருந்தால் மேலே சொன்ன ₹6 கோடி விற்பனையில் உங்களுக்கு எதுவும் வராது. மற்றது, டிவிடெண்ட். சிசிபிஎஸ்ஸுக்கு 0.001% அல்லது 0.01% என்று பெயரளவில் போடுவது இங்கே வழக்கம். அந்த இடத்தில் 8% என்றும், ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும் என்றும் இருந்தால், ஐந்து வருடத்தில் முன்னுரிமைத் தொகை ₹3 கோடியிலிருந்து ₹4.2 கோடியாகிவிடும்.

இன்னொன்று, பிரிஃபரன்ஸ் சுற்றுக்குச் சுற்று அடுக்கிக்கொண்டே போகும். முதல் ஆஃபரை ஏற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் ₹80 கோடி பிரீ-மணியில் ₹20 கோடி வாங்குகிறீர்கள், அதுவும் ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங். இப்போது நிறுவனர்களிடம் 56%, பூலில் 8%. ஊரெல்லாம் “100 கோடி கம்பெனி” என்று பேச்சு. வியாபாரம் எதிர்பார்த்தபடி போகாமல் ₹25 கோடிக்கு விற்கிறீர்கள். புதியவருக்கு 20 கோடி, பழையவருக்கு 3 கோடி. மீதி 2 கோடி. பூல் முழுக்க ஊழியர்கள் கைக்குப் போயிருந்தால், அந்த இரண்டில் நிறுவனர்களுக்கு ₹1.75 கோடி. 56% வைத்திருப்பவர்களுக்கு விற்பனை விலையில் 7%. இங்கே யாரும் கடுமையான நிபந்தனை போடவில்லை. எல்லாம் சாதாரண ஒரு மடங்கு.

உலக அளவில் இதற்குத் தெரிந்த உதாரணம், எடின்பரோவில் தொடங்கிய ஃபான்டூயல் என்ற ஃபேன்டசி விளையாட்டுக் கம்பெனி. 2018-இல் அது பேடி பவர் பெட்ஃபேர் என்ற பந்தயக் கம்பெனியின் அமெரிக்க வியாபாரத்தோடு இணைந்தபோது அதற்குப் போடப்பட்ட மதிப்பு 46.5 கோடி டாலர். முன்னுரிமைப் பங்குக்காரர்களுக்கு முதலில் போக வேண்டியது சுமார் 55.9 கோடி டாலர். நிறுவனர்களின் சாதாரணப் பங்குக்கு எதுவும் மிஞ்சவில்லை. மதிப்பைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நிறுவனர்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார்கள். ஆகவே அடுத்த சுற்றில் தேவைக்கு மேல் பணம் வாங்கும் ஆசை வரும்போது, இந்த அடுக்கு எவ்வளவு உயர்கிறது என்பதையும் அதே ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்துப் பாருங்கள்.

போர்டு இருக்கைகள், அதைவிடப் பெரிய ஒரு பட்டியல்

முதல் சுற்றில் இரண்டு நிறுவனர்கள், ஒரு முதலீட்டாளர் பிரதிநிதி என்ற மூவர் போர்டு நியாயமானது. சிலர் இருக்கை கேட்காமல், ஓட்டு இல்லாத அப்சர்வராக உட்காருவார்கள். ஐவர் போர்டு கேட்டு, அதில் இரண்டு நிறுவனர், இரண்டு முதலீட்டாளர், ஒரு சுயேச்சை இயக்குநர் என்று எழுதியிருந்தால், அந்த ஐந்தாமவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நபர்” என்றிருக்க வேண்டும். “முதலீட்டாளர் பரிந்துரைக்கும் நபர்” என்றிருந்தால் பெரும்பான்மை போய்விட்டது.

உங்கள் இருக்கை எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். “பங்கு வைத்திருக்கும் வரை நிறுவனருக்கு இருக்கை” என்பது ஒன்று. “கம்பெனியில் வேலையில் இருக்கும் வரை” என்பது வேறு. இரண்டாவதாக இருந்தால், போர்டு உங்களை வேலையிலிருந்து நீக்கும் நாளில் இருக்கையும் சேர்ந்து போகும். அதோடு, உங்கள் பங்குகள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுக்கு உறுதியாவதைச் சொல்லும் வெஸ்டிங் பத்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான்கு வருட வெஸ்டிங்கில் இரண்டாம் வருட முடிவில் நீக்கப்பட்டால், வெஸ்ட் ஆகாத பாதிப் பங்கும் போகும். தவறு செய்து வெளியேற்றப்பட்டவரைக் குறிக்கும் “பேட் லீவர்” என்பதன் வரையறை தளர்வாக இருந்தால் வெஸ்ட் ஆனதுகூடப் போகலாம். மோசடி, குற்றத் தீர்ப்பு போன்ற தெளிவான காரணங்களுக்கு மட்டும் அதைக் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். நிறுவனரை போர்டு நீக்குவது நடக்காத கதையல்ல. 2015 ஜூலையில் ஹவுசிங்.காம் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த அதன் இணை நிறுவனர் ராகுல் யாதவை அந்தக் கம்பெனியின் போர்டு நீக்கியது.

ஆனால் ஒரே ஒரு இருக்கை வைத்திருக்கும் முதலீட்டாளரின் உண்மையான பிடி போர்டு ஓட்டில் இல்லை. டேர்ம் ஷீட்டில் “ரிசர்வ்டு மேட்டர்ஸ்” அல்லது “அஃபர்மேட்டிவ் வோட்டிங்” என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ள எதையும் அவர் எழுத்தில் சம்மதிக்காமல் செய்ய முடியாது. இது ஏன் வருகிறது என்று தெரிந்தால் பேசுவது சுலபம். கம்பெனிச் சட்டம் 2013-இன்படி, கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸை மாற்றுவது, வெளியாருக்குப் புதுப் பங்கு கொடுப்பது போன்றவற்றுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். போடப்பட்ட ஓட்டில் நான்கில் மூன்று பங்கு ஆதரவாக இருந்தாக வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் ஓட்டு இருந்தால் அதைத் தடுக்கலாம். நம் முதலீட்டாளரிடம் இருப்பது 20%; இன்னும் யாருக்கும் கொடுக்காத பூல் பங்குக்கு ஓட்டு இல்லை என்பதால் ஓட்டில் அது 22% ஆகும். அப்போதும் தன் ஓட்டை மட்டும் வைத்து இப்படிப்பட்ட தீர்மானங்களை அவரால் தடுக்க முடியாது. அதனால்தான் ஒப்பந்தத்தின் மூலம் தடுக்கும் உரிமையைக் கேட்கிறார். புதுப் பங்கு வெளியீடு, கம்பெனி விற்பனை, தொழிலையே மாற்றுவது, நிறுவனர்களின் சொந்தக்காரர்களோடு கம்பெனி செய்யும் வியாபாரம் ஆகியவற்றில் அவர் சம்மதம் கேட்பது நியாயம்.

பட்டியல் அன்றாட வேலைக்குள் இறங்கும்போதுதான் சிக்கல். “எந்த ஊழியரையும் நியமிப்பது”, “பட்ஜெட்டிலிருந்து எந்த மாற்றமும்”, “எந்தக் கடனும்” என்று வரும் இடங்களில் “எந்த” என்பதை எடுத்துவிட்டு ஒரு தொகையைப் போடச் சொல்லுங்கள்: ஆண்டுக்கு இவ்வளவு லட்சத்துக்கு மேல் சம்பளம், பட்ஜெட்டில் 15 சதவீதத்துக்கு மேல் விலகல், இவ்வளவு லட்சத்துக்கு மேல் கடன். கூடவே, மின்னஞ்சல் அனுப்பி ஏழு வேலை நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும் என்ற வரியையும் கேளுங்கள். அது இல்லையென்றால் முதலீட்டாளரின் அலுவலகத்தில் ஒரு அசோசியேட் விடுப்பில் போனால்கூட உங்கள் ஆர்டர் நின்றுவிடும். கூட்டம் நடக்க யார் யார் இருந்தாக வேண்டும் என்று சொல்லும் கோரம் பத்தியிலும் இதே விஷயம் ஒளிந்திருக்கும்: முதலீட்டாளரின் இயக்குநர் வராமல் கூட்டமே நடக்காது என்றிருந்தால், ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்துக்கும் அவர் வராவிட்டால் வந்தவர்களை வைத்து நடத்தலாம் என்று சேர்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

டேர்ம் ஷீட்டின் பெரும்பகுதி சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை நம்பி, விவரங்களைப் பிறகு முழு ஒப்பந்தமான ஷேர்ஹோல்டர்ஸ் அக்ரிமென்ட் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கட்டுப்படுத்தும் சில பத்திகள் எப்போதும் உண்டு: ரகசியம் காப்பது, செலவு யாருடையது, முக்கியமாக எக்ஸ்க்ளூசிவிட்டி. 45 அல்லது 60 நாள் வேறு எந்த முதலீட்டாளரோடும் பேசக் கூடாது என்பது அதன் பொருள். கையெழுத்துப் போட்டதும் இரண்டாவது ஆஃபர் கைநழுவும், வங்கிக் கணக்கில் பணம் குறைந்துகொண்டே வரும், அந்த நிலையில் பார்ட்டிசிபேஷனை நீக்கச் சொல்ல உங்களிடம் பலம் இருக்காது. அதனால் மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் டேர்ம் ஷீட்டிலேயே எழுத்தாக வந்துவிட வேண்டும். எக்ஸ்க்ளூசிவிட்டியை 30 நாளாகக் குறைக்கக் கேளுங்கள். முதலீட்டாளரே விலகினால் அது அன்றே முடிந்துவிடும் என்றும் சேருங்கள். அவர்களுடைய வக்கீல், ஆடிட்டர் செலவை உங்கள் கம்பெனி தர வேண்டும் என்றிருந்தால், அதற்கு ஒரு உச்சத் தொகையைப் போட்டுவிட்டு, பேரம் நடக்காமல் போனால் அவரவர் செலவு அவரவருக்கு என்று எழுதச் சொல்லுங்கள்.